கிளைவாரி என்.பி.எஸ். கணக்கு: பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் கடைகளுக்கான கேள்வி பதில்

எங்கள் கடையை அடுத்தவரிடம் சொல்வீர்களா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, 0 முதல் 10 வரை வாங்கும் மார்க்கை ஒரே எண்ணாக்குவதுதான் என்.பி.எஸ்., அதாவது நெட் புரமோட்டர் ஸ்கோர். தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் இரண்டு கடை என்று ஒரே முதலாளி நடத்தும் ஜவுளிக்கடையை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டவை. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை; கணக்கு எந்தக் கடைக்கும் பொருந்தும்.

0 முதல் 10 வரை வாங்கிய மார்க்கை எப்படி ஒரே எண்ணாக மாற்றுவது?

9, 10 போட்டவர் புரமோட்டர். 7, 8 போட்டவர் பாஸிவ். 0 முதல் 6 வரை போட்டவர் டிட்ராக்டர். புரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் வருவது என்.பி.எஸ். அது −100க்கும் +100க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். சதவீதக் குறி போடுவதில்லை.

கொழிஞ்சாம்பாறைக் கடையில் ஜூனில் 40 பேர் பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். 22 பேர் 9 அல்லது 10, 10 பேர் 7 அல்லது 8, மீதி 8 பேர் 6க்குள். புரமோட்டர் 55, டிட்ராக்டர் 20, என்.பி.எஸ். 35. பாஸிவ் பத்துப் பேரும் கழித்தலில் வரமாட்டார்கள், ஆனால் வகுக்கும் 40இல் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு 30ஆல் வகுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் 35க்குப் பதில் 47 வரும், கடைக்காரருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

இந்த முறையை ஃபிரெட் ரைக்ஹெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்தார். 9, 7 என்ற எல்லைகள் அன்றிலிருந்து இருப்பவை. வசதிக்காக 8ஐயும் புரமோட்டரில் சேர்த்துவிட்டால் வருவது வேறொரு எண். அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

எட்டு போட்டவர் பாராட்டித்தானே போட்டிருக்கார்? நம்ம ஊரில் எட்டுன்னா நல்ல மார்க் ஆச்சே!

உண்மைதான். பள்ளிக்கூடத்தில் 35 வாங்கினால் பாஸ் என்று பழகியவர்களுக்குப் பத்துக்கு ஆறு மோசமான மார்க் இல்லை. முகம் சுளிக்காமல் 6 போட்டுவிட்டுப் போகிறவர் தன்னை டிட்ராக்டர் என்று நினைத்துக்கொள்ளவே மாட்டார். ஆகவே வேறு நாட்டு, வேறு தொழில் எண்களோடு உங்கள் எண்ணை வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. உங்கள் கிளையை அதே கிளையின் பழைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். அதே ஆட்கள், அதே மார்க் பழக்கம் என்பதால் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

கேள்வியிலேயே இரண்டு முனைக்கும் பொருள் எழுதிவிடுவது ஓரளவு உதவும்: «எங்கள் கடையைச் சொந்தக்காரரிடமோ தெரிந்தவரிடமோ சொல்வீர்களா? 0 என்றால் சொல்லவே மாட்டேன், 10 என்றால் கண்டிப்பாகச் சொல்வேன்.» கேட்பது சேவைக்கு மார்க் இல்லை, அடுத்தவரிடம் சொல்வாரா என்பதுதான். «எங்கள் சேவை எப்படி?» என்று கேட்டுவிட்டு அதை என்.பி.எஸ். என்று போடக்கூடாது.

கேரளக் கடைக்கு மலையாளத்தில் கேட்க வேண்டுமா, தமிழே போதுமா?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசுவோர் நிறைய. ஆனால் தமிழ் பேசுகிறவர் எல்லோரும் தமிழ் எழுத்து வாசிப்பார் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் மலையாள வழியில் படித்தவர்கள் பலர். வீட்டில் தமிழ், கண்ணுக்கு மலையாளம். ஆகவே இரண்டு மொழியிலும் வையுங்கள், வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கட்டும். எந்த மொழியில் பதில் வந்தது என்பதையும் ஒரு பத்தியில் பதியுங்கள். ஒரு மொழிபெயர்ப்பில் «கண்டிப்பாக» கொஞ்சம் இளகிவிட்டால் அந்த மொழிக்காரர் மார்க் முழுவதும் ஒரு பக்கம் நகரும். அது கிளையின் குறை போலத் தெரியும்.

குறுஞ்செய்தியில் அனுப்பினால் இன்னொன்று கவனியுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறி வரைதான் இடம். அதைத் தாண்டினால் இரண்டு செய்திக் காசு. «கி» என்பது நமக்கு ஓர் எழுத்து, போனுக்கு இரண்டு குறி. வணிகக் குறுஞ்செய்திக்குச் செய்ய வேண்டிய டி.எல்.டி. பதிவும் மொழிக்கு ஒரு டெம்ப்ளேட் கேட்கும். கேள்வியைச் செய்தியில் திணிக்காமல் லிங்க் மட்டும் அனுப்பி, கேள்வியைப் படிவத்தில் வைப்பது மலிவு.

படிவத்தில் கிளை பெயரை வாடிக்கையாளரே தேர்வு செய்யட்டுமா?

வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரச் சித்தூரும் தமிழில் ஒரே எழுத்துதான். இரண்டு இடத்திலும் கடை இருந்தால் பட்டியலைப் பார்ப்பவர் முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டுப் போவார். கிளைக்கு ஒரு குறியீடு வையுங்கள்: `POL`, `KZJ`, `CTP`, `CTA`. கூகுள் ஃபார்மில் முன்கூட்டியே நிரப்பிய லிங்க் எடுக்கலாம். கிளைக்கு ஒரு லிங்க், அதில் குறியீடு நிரம்பியே இருக்கும்.

கூகுள் ஃபார்மில் அளவுகோல் கேள்வி வைத்ததும் 1 முதல் 5 வரை என்றுதான் வரும். 0 முதல் 10 என்று கையால் மாற்ற வேண்டும். ஒரு கிளையில் 1 முதல் 10 என்று விட்டுவிட்டால், அங்கே சுழியே வராமல் போவதை வைத்துத்தான் பின்னால் கண்டுபிடிக்க முடியும்.

எக்ஸெலில் கிளைவாரியாக, மாதவாரியாக எப்படிப் போடுவது?

`data` என்ற தாளில் மூன்று பத்திகள் போதும்: A இல் பில் தேதி, B இல் கிளைக் குறியீடு, C இல் மார்க். சுருக்கத் தாளில் A2 இல் கிளை, B2 இல் மாதத்தின் முதல் தேதி. C2 புரமோட்டர், D2 டிட்ராக்டர், E2 மொத்தம்.

```
C2: =COUNTIFS(data!$B:$B,$A2,data!$C:$C,">=9",data!$A:$A,">="&$B2,data!$A:$A,"<"&EDATE($B2,1))
F2: =ROUND(100*(C2-D2)/E2,0)
G2: =196*SQRT(((C2+D2)/E2-((C2-D2)/E2)^2)/E2)
```

D2 க்கு அதே சூத்திரம், `">=9"` இருக்கும் இடத்தில் `"<=6"`. E2 க்கு `">=0"`. G2 என்ன என்பது கீழே வருகிறது.

மாதக் கடைசியை `"<"&EDATE` என்று போட்டதற்குக் காரணம் உண்டு. தேதியோடு நேரமும் இருந்தால், 31ஆம் தேதி மாலை 3 மணி பில் «31 அல்லது அதற்கு முன்» என்ற நிபந்தனைக்குள் வராது. எக்ஸெலுக்கு 31 என்பது அன்று நள்ளிரவு 12 மணி. கடைசி நாள் முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பில் தேதியைத்தான் எடுங்கள், பதில் வந்த தேதியை அல்ல. 30ஆம் தேதி வாங்கியவர் 2ஆம் தேதி பதில் சொன்னால் அது போன மாதக் கணக்கு. இதனால் மாத எண்ணை 7ஆம் தேதிக்குப் பிறகு மூடுவது நல்லது.

மார்க் எல்லாம் சரியாகத்தான் இருக்கு, ஆனால் புரமோட்டர் எண்ணிக்கை நம்ப முடியாத அளவு அதிகமா வருது. எங்கே தப்பு?

போனில் கேட்டு, கையால் தட்டிய மார்க் இருக்கிறதா பாருங்கள். «3/10» என்று தட்டினால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும். தேதி உள்ளுக்குள் 45,000க்கு மேல் ஒரு எண். 9ஐ விடப் பெரியது. பத்துக்கு மூன்று போட்டுத் திட்டியவர் புரமோட்டராக உட்கார்ந்துவிடுவார். `=COUNTIFS(data!$C:$C,">10")` என்று ஓரமாக ஒரு கட்டத்தில் போட்டு வையுங்கள். சுழியைத் தவிர எது வந்தாலும் கணக்கை நிறுத்துங்கள்.

இன்னொன்று, எண்ணை எழுத்தாகச் சேமித்த கட்டம். `COUNTIFS` இல் `">=9"` அதைப் பார்க்கவே பார்க்காது, அந்தப் பதில் மொத்தத்திலிருந்தும் விழும். `IF(C2>=9,…)` என்று எழுதியிருந்தால் நேர் எதிர்: எக்ஸெலுக்கு எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது, ஆகவே எழுத்தாக இருக்கும் 3 புரமோட்டர். காலிக் கட்டமோ `IF` இல் சுழியாகி டிட்ராக்டர் ஆகிவிடும். சுழி போடுவது ஒரு பதில், எதுவும் போடாமல் விடுவது பதில் இல்லை. C பத்திக்கு 0 முதல் 10 வரை முழு எண் மட்டும் என்று டேட்டா வேலிடேஷன் வைத்தால், கையால் தட்டும் இடத்திலேயே இவை பெரும்பாலும் தடுக்கப்படும். ஒட்டிப் போட்ட விவரத்தை அது தடுக்காது.

மூணு கிளை எண்ணையும் கூட்டி மூணால் வகுத்தால் மொத்தக் கடை எண் வந்துடுமா?

வராது. பொள்ளாச்சியில் 200 பதில், புரமோட்டர் 90, டிட்ராக்டர் 50, எண் 20. கொழிஞ்சாம்பாறையில் 40 பதில், எண் 35. சித்தூரில் 25 பதில், புரமோட்டர் 15, டிட்ராக்டர் 4, எண் 44. மூன்றின் சராசரி 33. தலைகளை எண்ணினால் புரமோட்டர் 127, டிட்ராக்டர் 62, மொத்தம் 265. எண் 25. எட்டுப் புள்ளி வித்தியாசம், அதுவும் ஆள் அதிகம் வரும் கடையை அமுக்கிவிட்டு வந்தது. மாதங்களைச் சேர்க்கும்போதும் இதே விதி. எண்களைக் கூட்டாதீர்கள், தலைகளைக் கூட்டுங்கள். சுருக்கத் தாளில் C, D, E மூன்றையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்போ சித்தூர் 44, பொள்ளாச்சி 20. சித்தூர் மேனேஜர்தானே கெட்டிக்காரர்?

அப்படிச் சொல்ல இந்தப் பதில்கள் போதாது. G2 இல் வருவது எண்ணின் இரு பக்கத் தடுமாற்றம், 95 சதவீத நம்பிக்கைக்கு. பொள்ளாச்சிக்கு 11, கொழிஞ்சாம்பாறைக்கு 25, சித்தூருக்கு 30. ஆகவே சித்தூரின் 44 என்பது 14க்கும் 74க்கும் நடுவில் எங்கேயோ. பொள்ளாச்சி 9க்கும் 31க்கும் நடுவில். சித்தூரில் இருபத்தைந்தே பேர். அதில் இரண்டு புரமோட்டர் மனம் மாறி டிட்ராக்டர் ஆனால் 44 என்பது 28 ஆகிவிடும். இரண்டு பேரின் மனநிலைக்கு மேனேஜருக்கு இன்சென்டிவ் கொடுப்பதா?

தடுமாற்றம் 10க்குள் வர ஏறக்குறைய 250 பதில் வேண்டும். 15 போதும் என்றால் 115 பக்கம். மாதம் 40 பதில் வரும் கிளைக்கு மூன்று மாதம் சேர்த்தால்தான் அது கிடைக்கும்.

மாதா மாதம் கிராஃப் ஏறி இறங்குது. ஜூனில் 35, ஜூலையில் 17. ஜூலையில் என்ன நடந்ததுன்னு மேனேஜரைக் கேட்கலாமா?

முதலில் கிராஃபை மாற்றுங்கள். கொழிஞ்சாம்பாறையின் ஐந்து மாதம் இது:

| மாதம் | பதில் | புரமோட்டர் | டிட்ராக்டர் | மாத எண் | மூன்று மாத எண் |
|---|---|---|---|---|---|
| ஏப்ரல் | 38 | 20 | 9 | 29 | |
| மே | 42 | 19 | 13 | 14 | |
| ஜூன் | 40 | 22 | 8 | 35 | 26 |
| ஜூலை | 36 | 17 | 11 | 17 | 22 |
| ஆகஸ்ட் | 44 | 21 | 12 | 20 | 24 |

மாத எண்ணைப் பார்த்தால் மே மாதம் கடை சரிந்து, ஜூனில் எழுந்து, ஜூலையில் மறுபடி விழுந்தது போல இருக்கும். கடைசிப் பத்தியில் அந்த மாதத்தோடு முந்தைய இரண்டு மாதத் தலைகளையும் கூட்டியிருக்கிறது. ஜூன் கட்டத்துக்கு (20+19+22) புரமோட்டர், (9+13+8) டிட்ராக்டர், 120 பதில். 26, 22, 24. ஒன்றும் நடக்கவில்லை. ஜூலையில் என்ன நடந்தது என்று கேட்டால் மேனேஜர் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்வார், ஏசி ரிப்பேர், புதுப் பையன், மழை என்று. அதை நம்பி நீங்கள் ஆளை மாற்றுவீர்கள். ஆகஸ்டில் எண் தானாக 20 ஆனதும் மாற்றம் பலித்தது என்று நினைப்பீர்கள்.

மூன்று மாத எண்ணிலும் ஒரு பொறி உண்டு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குள் இரண்டு மாதப் பதில்கள் பொதுவானவை, அதனால் கோடு இயல்பாகவே வழுவழுப்பாகத் தெரியும். உண்மையில் மாறியதா என்று பார்க்க, ஒன்றோடு ஒன்று கலக்காத கட்டங்களை எடுங்கள்: ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை முதல் செப்டம்பர். இரண்டிலும் 120 பதில் பக்கம் இருந்தால், 21 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் மாற்றம் என்று பேசலாம். நிறையவே கேட்கிறது இந்தக் கணக்கு. சிறிய கிளைக்கு அதுதான் நிலைமை.

போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் பண்டிகைக் கூட்டம் சமமாயிடுமே?

எல்லையின் இரு பக்கத்திலும் அது ஏமாற்றும். திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. சித்தூர்க் கடையில் ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்தான் செட்டு முண்டுக் கூட்டம், பில் கியூ, தையல் தாமதம் எல்லாம். அந்தக் கூட்டம் 2023இல் ஆகஸ்டில் விழுந்தது, 2024இல் செப்டம்பரில். ஆகஸ்டை ஆகஸ்டோடு வைத்தால், ஒரு வருஷம் கூட்டம், மறு வருஷம் கூட்டம் இல்லாத நாட்கள். தீபாவளியும் அப்படியே: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20.

இன்னும் ஒன்று. பொள்ளாச்சியில் ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நெரியும் அதே நாட்கள் கேரளத்தில் கர்க்கடகம். பலர் நல்ல காரியத்துக்குத் துணி எடுக்கத் தயங்கும் மாதம். ஒரே ஜூலைக் கட்டத்தில் ஒரு கிளை திணறும், இன்னொன்று ஈ ஓட்டும். பண்டிகைக்கு முந்தைய 14 நாளைத் தனிக் குறியீடாகப் போட்டு, ஓணத்தை ஓணத்தோடும் சாதா நாளைச் சாதா நாளோடும் ஒப்பிடுங்கள். `data` தாளில் இன்னொரு பத்தி, `COUNTIFS` இல் இன்னொரு நிபந்தனை, அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில் வாங்கின சேலையைக் கொழிஞ்சாம்பாறையில் மாத்த வந்தவர் 2 போட்டார். யார் கணக்கு?

எந்தப் பில்லுக்கு லிங்க் போனதோ அந்தக் கிளைக்கு. இந்த விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு 2க்கும் இரண்டு மேனேஜர்கள் வாட்ஸப்பில் சண்டை போடுவார்கள். மார்க்கை நகர்த்தாமல், காரணப் பத்திக்குப் பக்கத்தில் «நடந்த இடம்» என்று ஒரு பத்தி வையுங்கள். எண் பில் கிளையில் இருக்கும், சரிசெய்ய வேண்டிய வேலை நடந்த இடத்துக்குப் போகும்.

கவுன்டரில் பையன்களே «பத்து போடுங்கண்ணா» என்று கேட்டு வாங்குறாங்க. எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணைப் பார்த்தால் தெரியாது, மார்க் பரவலைப் பார்த்தால் தெரியும். 0 முதல் 10 வரை ஒவ்வொரு மார்க்குக்கும் எத்தனை பேர் என்று கிளைவாரியாகப் போடுங்கள். ஒழுங்காக வந்த பதில்களில் 7, 8, 9 என்று ஒரு மேடு இருக்கும். கேட்டு வாங்கியதில் 10 மட்டும் கம்பமாக நிற்கும், 7, 8 வற்றிப்போகும். கூடவே பாருங்கள்: பதில் நேரம் பில் நேரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இருக்கிறதா, காரணம் எழுதும் இடம் காலியா, நூறு பில்லுக்கு எத்தனை பதில் என்ற விகிதம் மற்ற கிளைகளை விடத் திடீரென்று பெருகியதா.

தடுக்க ஒரே வழி, கேட்கும் வேலையைக் கடையிலிருந்து எடுத்துவிடுவது. மறுநாள் காலை 11 மணிக்கு, அலுவலகத்திலிருந்து, பில் பட்டியலில் குலுக்கலாக எடுத்த எண்களுக்கு லிங்க் போகட்டும். டேப்லெட்டை கவுன்டரில் வைக்காதீர்கள். மார்க்கோடு போனஸைக் கட்டாதீர்கள். கட்டினால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் ரொம்ப நாள் தாங்காது.

டிட்ராக்டர் பட்டியலை வைத்து என்ன செய்வது?

இரண்டு நாளுக்குள் கூப்பிடுங்கள், மேனேஜர் அல்லாத ஒருவர். மார்க்கை மாற்றச் சொல்லக் கூடாது, மாற்றினாலும் பழைய மார்க்தான் கணக்கில் நிற்கும். காரணத்தை ஒரு சொல்லில் பதியுங்கள். ஆகஸ்டில் கொழிஞ்சாம்பாறையின் 12 பேரில் 5 பேர் பிளவுஸ் தைத்துத் தரத் தாமதம் என்றும், 4 பேர் பில் கியூ என்றும், 2 பேர் மாற்றித் தர மறுத்தது என்றும், ஒருவர் வண்டி நிறுத்த இடமில்லை என்றும் சொன்னால், மாத எண் 20 சொல்லாததை அந்த ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். தையல்காரரிடம் கொடுத்த தேதி, வாங்கிய தேதி நோட்டை எடுத்துப் பாருங்கள்.

0 போட்டவரையும் 6 போட்டவரையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். என்.பி.எஸ். இருவரையும் ஒன்றாகத்தான் எண்ணும். 1 போட்டவரை நீங்கள் 6க்குக் கொண்டுவந்தாலும் எண் அசையாது, 6 போட்டவர் 7 போட்டால் உடனே ஏறும். எண்ணை மட்டும் துரத்தும் கிளை 5, 6 போட்டவர்களை மட்டும் தாஜா செய்யக் கற்றுக்கொள்ளும். ஆகவே 0 முதல் 3 வரை போட்டவர் எத்தனை பேர் என்பதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

இரண்டு வருஷமா 1 முதல் 5 வரை நட்சத்திரம் வாங்கி வெச்சிருக்கோம். இரண்டால் பெருக்கி என்.பி.எஸ். ஆக்கலாமா?

முடியாது. பெருக்கினால் 2, 4, 6, 8, 10 மட்டும்தான் வரும், 9 என்ற மார்க்கே பிறக்காது. நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் எல்லோரும் 8 ஆகி பாஸிவில் அடைபடுவார்கள். கேள்வியும் வேறு. பழையதைப் பழைய கிராஃபாகவே மூடி வைத்துவிட்டு, புதியதை முதல் பில்லிலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று மாதத்துக்கு மாத எண்ணைக் கிளைகளுக்கு அனுப்ப வேண்டாம், பதில் எண்ணிக்கையையும் காரணங்களையும் மட்டும் அனுப்புங்கள்.